ஆறு மாசம் முடிஞ்சா 2-ஆம் நம்பர் குழந்தைப் பால் பவுடருக்கு மாறியே ஆகணுமா?

அக்கா, தங்கச்சிகளே, பெங்களூரு அல்சூர்ல இருக்கோம். பாப்பாவுக்கு அடுத்த வாரம் ஆறு மாசம் முடியுது. தாய்ப்பாலோட 1-ஆம் நம்பர் பவுடரும் குடுக்கிறேன். மெடிக்கல்ல "இனிமே 2 தான்"னு டப்பாவை எடுத்து வெச்சுட்டாங்க. 1 பிறந்ததிலிருந்து, 2 ஆறு மாசத்துக்கு மேல, அவ்வளவுதான் கணக்கு. ஆனா எங்க டாக்டர், கேழ்வரகுக் கூழ், பருப்புன்னு திட உணவு ஆரம்பிச்சு, ஒரு வயசு வரை 1-ஐயே தொடரலாம்னு சொல்றார். உலக சுகாதார நிறுவனமும் 2 அவசியமில்லைன்னுதான் சொல்லுது.

இப்போ அத்தை வேற பிராண்டு மாத்தச் சொல்றாங்க. பாப்பா குடிச்சதும் கொஞ்சம் கக்குறா, அதான் காரணம். பக்கத்து வீட்டுல லாக்டோஸ்ங்கிற பால் சர்க்கரை இல்லாத பால் வாங்கச் சொன்னாங்க. எடை நல்லா ஏறுது, சிரிச்சு விளையாடுறா, அதனால டாக்டர் எதுவும் மாத்த வேணாம்னுட்டார். மலத்துல ரத்தம், விடாத வாந்தி, தோல் தடிப்பு, எடை ஏறாம இருக்கிறதுன்னு வந்தா பசும்பால் புரத ஒவ்வாமையான்னு பார்க்கணுமாம். அப்பவும் லாக்டோஸ் இல்லாத பால் உதவாது, பெரும்பாலும் அதுலயும் அதே பால் புரதம்தான். புரதத்தை நல்லா உடைச்சுத் தயாரிச்ச பவுடரை டாக்டர்தான் எழுதித் தரணும்.

1-லயே ஒரு வயசு வரை தொடர்ந்தவங்க இருக்கீங்களா? திட உணவை எப்படி ஏத்துனீங்க? ஒவ்வாமை வந்த குழந்தைங்களுக்கு முதல்ல என்ன தெரிஞ்சுது?