மதிப்பீட்டில் ‘ஓனர்ஷிப் இன்னும் வேண்டும்’ என்று எழுதியிருந்தார்கள்: உங்களுக்கு அது எப்படி விளங்கியது?

பெண்ணையாற்றங்கரை:

ஓசூர் சிப்காட்டில் இருசக்கர வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தரப்பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு மே மாதம் கைக்கு வந்த மதிப்பீட்டுத் தாளில் என் மேலாளர் இரண்டே வரி எழுதியிருந்தார். தொழில்நுட்ப அறிவு நன்று என்பது முதல் வரி. ஓனர்ஷிப் இன்னும் வேண்டும் என்பது இரண்டாவது. ஐந்துக்கு மூன்று மதிப்பெண் போட்டிருந்தார்.

அந்த இரண்டாவது வரிக்கு நானே ஒரு பொருள் கற்பித்துக்கொண்டேன். நான் கிருஷ்ணகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோகிறவன். மாலை ஐந்தரைக்குப் பஸ் கிளம்பும்போது நானும் கிளம்பிவிடுவேன். பெங்களூரு பக்கமிருந்து சொந்த வண்டியில் வருகிறவர்கள் ஏழு, எட்டு மணி வரை இருப்பார்கள். குறை அதுதான் என்று முடிவுகட்டி, ஜூன், ஜூலை இரண்டு மாதமும் எட்டு மணி வரை உட்கார்ந்துவிட்டு, நின்றுகொண்டே ஐம்பது கிலோமீட்டர் பயணம் செய்து பத்து மணிக்கு வீடு சேர்ந்தேன். மேலாளர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

ஆகஸ்டில் நேரில் போய், ஓனர்ஷிப் என்றால் என்ன சார் என்று கேட்டேன். சொந்தக் கம்பெனி என்று நினைத்து வேலை செய்ய வேண்டும் என்றார். புரியாத ஒரு சொல்லுக்கு விளக்கமாகப் புரியாத ஒரு வாக்கியம் கிடைத்ததுதான் மிச்சம். ஒரு வாரம் கழித்துக் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: “அந்த வரியை எழுதும்போது உங்கள் நினைவில் இருந்த சம்பவம் எது சார்?” சற்று யோசித்துவிட்டு, “அந்தப் பிசிறு விவகாரம்தான்” என்றார்.

நடந்தது இதுதான். அதற்கு முந்தைய நவம்பர் 8ஆம் தேதி, வாடிக்கையாளரிடமிருந்து ஒரு புகார் வந்தது. அறுநூறு பாகங்கள் கொண்ட ஒரு லாட்டில் பதினான்கு பாகங்களின் துளை ஓரத்தில் பிசிறு இருந்தது. அன்றிரவே எங்களிடமும் அவர்களிடமும் இருந்த சரக்கு முழுவதையும் பிரித்துப் பார்த்து நல்லதை மட்டும் அனுப்பினேன். புகாரின் காரணத்தையும் தீர்வையும் எட்டுப் படிகளில் வாடிக்கையாளருக்கு எழுதித்தரும் எட்டு-டி அறிக்கையின் முதல் பகுதிகளையும் மறுநாளே கொடுத்துவிட்டேன். பிசிறு நீக்கும் வேலையை வெளியே ஒரு ஜாப் ஒர்க் பட்டறை செய்கிறது. அவர்களுடைய கருவி தேய்ந்திருந்ததுதான் காரணம் என்பதையும் கண்டுபிடித்தேன். நிரந்தரத் தீர்வாக என்ன செய்யப்போகிறார்கள் என்று அந்தப் பட்டறைக்கு 12ஆம் தேதி மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வராததால் 19ஆம் தேதி நினைவூட்டினேன். அதற்கும் பதில் இல்லை. நான் வேறு வேலையில் இறங்கிவிட்டேன்.

டிசம்பர் 2ஆம் தேதி வாடிக்கையாளருடன் நடந்த மாதாந்தரக் கூட்டத்தில், அந்த அறிக்கை ஏன் இன்னும் மூடப்படவில்லை என்று மேலாளரிடம் கேட்டிருக்கிறார்கள். அது நிலுவையில் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. “மெயில் போட்டேன் என்று நீ சொன்னாய். மெயில் போட்டதோடு உன் வேலை முடிந்துவிட்டதாக நீ நினைத்தாய். பட்டறைக்காரர் எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம், 20ஆம் தேதி என்னிடம் வந்திருந்தால் ஒரு போன் காலில் முடித்திருப்பேன்” என்றார்.

ஆகவே அவருடைய அகராதியில் ஓனர்ஷிப் என்பதற்கும் வேலை நேரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வேலை முட்டி நின்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்த நாளுக்கும் அவருக்குத் தெரிந்த நாளுக்கும் நடுவே இருந்த பதின்மூன்று நாள் இடைவெளியைத்தான் அவர் அந்த ஒரு சொல்லில் அடைத்திருந்தார். உங்கள் தாளில் இப்படிப்பட்ட சொற்கள் வந்தபோது, அவற்றுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அறிய விரும்புகிறேன்.

பழைய பிளான்ட்காரர்:

தம்பி, நான் இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த வரிகளை எழுதும் பக்கத்தில் இருந்தவன். ஆகையால் அவை எப்படிப் பிறக்கின்றன என்று சொல்கிறேன். என் கீழே பதினேழு பேர் இருந்தார்கள். மார்ச் முடிந்து, தாள்களை ஒப்படைக்கக் கடைசி நாளுக்கு முந்தின இரவில் பதினேழையும் எழுதுவேன். ஏப்ரலில் நடந்த சம்பவம் மார்ச்சில் எவனுக்கு நினைவிருக்கும்? சம்பவம் மறந்துவிடும், அது உண்டாக்கிய எரிச்சல் மட்டும் மனத்தில் தங்கிவிடும். அந்த எரிச்சலுக்கு மரியாதையான ஒரு பெயர் வேண்டுமல்லவா? ஓனர்ஷிப், ப்ரோஆக்டிவ், விசிபிலிட்டி போன்ற சொற்கள் அப்போதுதான் கைகொடுக்கும்.

நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி. சொல்லுக்குப் பொருள் கேட்டால் மேலாளர் உபதேசம் செய்வார். சம்பவம் கேட்டால் நினைவைத் தோண்டுவார். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது நிலைமை, நடத்தை, விளைவு என்ற வரிசையில் எழுதச் சொன்னார்கள். அமெரிக்காவின் சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் வகுத்த முறை அது. உங்கள் வரியை அப்படி எழுதியிருந்தால், நவம்பர்ப் புகாரில் பட்டறை பதில் தராதபோது எனக்குத் தெரிவிக்கவில்லை, அதனால் வாடிக்கையாளர் முன்னால் நான் விழித்தேன் என்று வந்திருக்கும். நான் எத்தனை பேருக்கு அப்படி எழுதினேன் என்று கேட்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. சம்பவமே இல்லாமலும் அந்த வரி வரும். நான் நான்கு மதிப்பெண் கொடுத்த ஒருவரை, நான்கு வாங்கியவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று மேலே மூன்றாக்கி அனுப்புவார்கள். மூன்றுக்கு ஒரு காரணம் எழுதியாக வேண்டும். குற்றம் ஒன்றும் கிடைக்காதபோது நானும் ஓனர்ஷிப் என்று எழுதியிருக்கிறேன்.

மாங்கூழ்:

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் சீசன் மேற்பார்வையாளராக இருக்கிறேன். என்னைப் பொறுத்தவரை இதற்கு ஒரே பொருள்தான்: கேட்டுக்கொண்டு நிற்காதே, நீயே முடிவெடு. எனக்கும் சென்ற சீசன் முடிவில் அப்படித்தான் எழுதினார்கள். இந்த ஜூனில் பெங்களூரா மாங்காய் ஒரு லோடு வந்தது. சாற்றின் இனிப்பை அளந்து பார்த்தபோது நாங்கள் வைத்திருக்கும் அளவுக்கு ஒரு புள்ளி குறைவாக இருந்தது. மேலாளர் அப்போது தர்மபுரியில் இருந்தார். நானே பொறுப்பெடுத்து லோடைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்த வியாபாரியோ முதலாளிக்கு வேண்டியவர். மறுநாள் எனக்குக் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது. பொறுப்பு எடுத்தாலும் திட்டு, எடுக்காவிட்டாலும் தாளில் வரி. இதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்வதில் பயனில்லை என்பது என் கருத்து.

பழைய பிளான்ட்காரர்:

மாங்கூழ் அண்ணே, நீங்கள் சொல்வது பாதி சரி. சில மேலாளர்கள் முடிவெடுப்பதைத்தான் அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். ஆனால் எது வரைக்கும் நீங்களே முடிவெடுக்கலாம் என்ற எல்லையை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. லோடை இறக்காமல் நிறுத்திவைத்துவிட்டு, அளவு இவ்வளவு வருகிறது, திருப்பி அனுப்பலாம் என்று நினைக்கிறேன், அரை மணி நேரத்தில் சொல்லுங்கள் என்று ஒரு போன் போட்டிருந்தால், முடிவும் உங்களுடையதாக இருந்திருக்கும், வசவும் வந்திருக்காது. பெண்ணையாற்றங்கரைத் தம்பி செய்தியைச் சொல்லாமல் இருந்தார். நீங்கள் சொல்லாமலே செய்துவிட்டீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே சொல்லை எழுதுவார்கள் என்பதுதான் வேடிக்கை.

அதியமான்கோட்டை:

பெங்களூரு மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்குத் தர்மபுரியில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். என் கதை வேறு. எனக்கும் இதே வரி வந்தது. நானும் சம்பவம் கேட்டேன். “குறிப்பாக எதுவும் இல்லை, பொதுவான எண்ணம்தான்” என்றார். அப்படியானால் எந்த ஒரு வேலையை நான் வேறு விதமாகச் செய்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டீர்கள் என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. பிறகு எங்கள் குழுவில் நான்கு பேர் எங்கள் தாள்களைப் பகிர்ந்துகொண்டோம். மூவரின் தாளில் அந்த வரி எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே இருந்தது, மூவருமே பெண்கள். நான்காமவருக்கு மட்டும் இன்ன வேலையை இன்ன மாதத்தில் தாமதித்தார் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். அவர் ஆண்.

நான்கு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஷெல்லி கோரெல், கரோலின் சிமார்ட் இருவரும் பணி மதிப்பீடுகளை ஆராய்ந்து 2016இல் எழுதியபோது, பெண்களுக்குக் கிடைக்கும் கருத்துகள், பாராட்டாக இருந்தாலும் குறையாக இருந்தாலும், வேலையின் விளைவோடு இணைத்துச் சொல்லப்படுவது குறைவு என்றே சொன்னார்கள். சம்பவம் தெரிந்த குறையைத் திருத்திக்கொள்ளலாம். எனக்குத் திருத்திக்கொள்ள ஒன்றும் தரப்படவில்லை, மதிப்பெண் மட்டும் குறைந்தது.

பாலக்கோட்டான்:

எனக்கும் இந்த ஏப்ரலில் இதே சொல் வந்தது. வேலையை விட்டு எடுக்கப்போகிறார்கள் என்பதற்கு இது முன்னறிவிப்பா? இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிடலாமா?

பழைய பிளான்ட்காரர்:

இந்த ஒரு வரியை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது தம்பி. மதிப்பெண் என்ன, தேதி குறித்த முன்னேற்றத் திட்டம் ஏதாவது கொடுத்தார்களா, முன்பு உங்களிடம் இருந்த வேலைகளை வேறொருவரிடம் மாற்றினார்களா என்று பாருங்கள். இவை எதுவும் இல்லாமல் வரி மட்டும் வந்திருந்தால், முதலில் போய்ச் சம்பவம் என்ன என்று கேளுங்கள்.

பெண்ணையாற்றங்கரை:

அதியமான்கோட்டை அக்காவின் பதிவைப் படித்த பிறகு என் கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது முழு வெற்றி அல்ல. அன்று மேலாளர் இரண்டாவதாக இன்னொரு சம்பவமும் சொன்னார்: சோதனைத் தேதி தாண்டிய ஓர் அளவுகோல் தணிக்கையில் அகப்பட்டது. அளவுகோல்களின் தேதியைப் பார்ப்பது கருவி அறையின் வேலை. பொறுப்புப் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது. அதைக் காட்டியதும், சரி, அது உன்னுடையது அல்ல என்று ஒப்புக்கொண்டார். ஆனால் தாளில் எதையும் மாற்றவில்லை, ஒப்படைத்தாகிவிட்டது என்றார்.

அன்று மாலையே, பஸ்ஸில் உட்கார்ந்தபடி, அவருக்கு ஐந்து வரியில் மின்னஞ்சல் அனுப்பினேன். பிசிறு விவகாரத்தில் தாமதமாகத் தெரிவித்தது என் தவறு. இனி வெளியார் ஒருவர் சொன்ன தேதியில் பதில் தராவிட்டால், அன்றே உங்களுக்குத் தெரிவித்து, அடுத்து என்ன செய்யலாம் என்ற என் யோசனையையும் சேர்த்துச் சொல்வேன். அளவுகோல் விஷயம் கருவி அறையைச் சேர்ந்தது என்று பேசிக்கொண்டோம். நான் புரிந்துகொண்டதில் பிழை இருந்தால் திருத்துங்கள் என்று எழுதினேன். “ஓகே” என்று மட்டும் பதில் வந்தது. அதன் பிறகு நான்கு முறை அப்படித் தெரிவித்திருக்கிறேன். நான்குக்கும் தேதி குறித்து வைத்திருக்கிறேன்.

அதியமான்கோட்டை:

அந்த மின்னஞ்சலில் தவறு என்னுடையது என்று எழுதியிருக்கிறீர்களே, நாளைக்கு அதையே உங்களுக்கு எதிராகக் காட்டினால் என்ன செய்வீர்கள்? நானாக இருந்தால் தாளின் கீழே ஊழியர் கருத்துக்கு விட்டிருக்கும் கட்டத்தில், சம்பவம் கேட்டும் தரப்படவில்லை என்று எழுதிவைப்பேன். எழுதியும் வைத்தேன்.

பழைய பிளான்ட்காரர்:

அம்மா, உங்கள் நிலையில் எழுதியது சரிதான். ஆனால் அந்தக் கட்டத்தை மேலாளரின் மேலாளரும் படிப்பார், ஆகையால் படித்தவுடன் உங்கள் மேலாளர் தற்காப்புக்கு இறங்கிவிடுவார். தம்பி செய்ததுபோல் தவறை ஒப்புக்கொண்டு எழுதுவதையும் எல்லா மேலாளரிடமும் செய்ய நான் சொல்ல மாட்டேன். சம்பவத்தை நேர்மையாகச் சொன்னவரிடம் செய்யலாம்.

பெண்ணையாற்றங்கரை:

நான் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. ஜூலைக்குப் பிறகு பழையபடி ஐந்தரை மணி பஸ்ஸில்தான் போகிறேன், அதைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்த ஆண்டுத் தாள் இன்னும் கைக்கு வரவில்லை.