வீட்டு வைஃபையில் மட்டும் வங்கிப் பக்கம் எச்சரிக்கிறதா? திருகோணமலையில் பார்த்தவை

உவர்மலை கணனிக்காரன்

கொழும்பில் இருக்கும் ஒரு கணக்கியல் நிறுவனத்துக்காக, இங்கே வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் கணனிகளை நான் பார்க்கிறேன். போன மாதம் உப்புவெளியில் ஒரு அக்காவின் வீட்டில் கண்டதை எழுதுகிறேன். உங்களிடமும் இப்படி இருந்தால் சொல்லுங்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வங்கிப் பக்கத்தைத் திறந்தால் மட்டும் `Your connection is not private` என்று வருகிறது. அலுவலக வேலையில் ஒரு சிக்கலும் இல்லை. லப்டொப்பில் வைரஸ் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அவருடைய போனில் அதே வைஃபையைப் போட்டுப் பார்த்தோம், அங்கேயும் அதே எச்சரிக்கை. வைஃபையை நிறுத்தி மொபைல் டேட்டாவில் திறந்தால் பக்கம் ஒழுங்காக வந்தது. அப்போதே லப்டொப் மீதிருந்த சந்தேகம் போய்விட்டது. இரண்டுக்கும் பொதுவானது ரவுட்டர்தானே.

முதலில் இதை அடித்தேன்:

```
ipconfig /all
```

`DNS Servers` என்ற வரியில் `192.168.8.1`, அதாவது ரவுட்டரின் சொந்த முகவரி. பார்த்தால் சுத்தமாகத் தெரியும். பலர் இதோடு விட்டுவிடுவார்கள். ஆனால் ஒரு பக்கத்தின் பெயருக்கு உரிய முகவரியை ரவுட்டர் யாரிடம் போய்க் கேட்கிறது என்பது கணனிக்குத் தெரியாது. ரவுட்டரின் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தபோது, `Primary DNS` கட்டத்தில் யாரோ கையால் ஒரு வெளிநாட்டு முகவரியைப் போட்டிருந்தார்கள். வங்கியின் பெயரைக் கேட்டால் அது வேறொரு கணனிக்கு வழிகாட்டியிருக்கிறது. அங்கே வங்கியின் சான்றிதழ் இல்லாததால் பிரவுசர் கத்தியது. வேலை நேரத்தில் விபிஎன் போட்டிருப்பார், அப்போது பெயர்கள் எல்லாம் அலுவலகத்தின் வழியாகவே கேட்கப்படும். அதனால்தான் இது இவ்வளவு நாள் அகப்படவில்லை.

ஏற்கனவே வேறு யாரோ பாவித்த ரவுட்டர், கடையில் வாங்கியது. உள்நுழையும் கடவுச்சொல் `admin`, மாற்றப்படவே இல்லை. விற்றவர் செய்தாரா, வீட்டுக்கு வந்த யாரும் செய்தார்களா என்று இன்றுவரை தெரியாது. சிம் போடும் ரவுட்டர்களுக்குப் பெரும்பாலும் தனி வெளிமுகவரி கிடைப்பதில்லை. ஆகவே இணையத்திலிருந்து நேரே வந்து திறந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. அதே வைஃபையில் இருந்த ஏதோ ஒன்றின் வழியாகத்தான் என்பது என் ஊகம்.

திருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரீசெட் பொத்தானை அழுத்துமுன் `APN` பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஃபைபர் என்றால் இணைப்பின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தேவைப்படும். இல்லாவிட்டால் ரவுட்டர் சுத்தமாகும், ஆனால் இணையம் வராது. `Backup` கோப்பை எடுத்துத் திரும்ப ஏற்றவே வேண்டாம், கெட்ட அமைப்பும் அதோடு திரும்பி வந்துவிடும். ரீசெட்டுக்குப் பிறகு முதல் வேலையாக நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினோம். பிறகு `WPS`, `Remote Management` இரண்டையும் நிறுத்தி, வைஃபைக்குப் புதிய கடவுச்சொல் போட்டு, ஃபேம்வெயரைப் புதுப்பித்தோம். மாரிகாலத்தில் கரண்ட் போகும் ஊர் இது. புதுப்பிக்கும் நடுவில் போனால் ரவுட்டர் எழும்பாமலே போகலாம். யூபிஎஸ்ஸில் செருகிய பிறகுதான் தொடங்கினேன். கடைசியாக, அந்த நாட்களில் பாவித்த கணக்குகளின் கடவுச்சொற்களை மொபைல் டேட்டாவிலிருந்து மாற்றச் சொன்னேன்.

நிலாவெளி ஷாமி

எங்கள் வீட்டில் சீசனுக்கு இரண்டு அறை வாடகைக்கு விடுகிறோம். வைஃபை கடவுச்சொல்லை அம்மா சுவரில் ஒட்டி வைத்திருக்கிறா! அதே வைஃபையில்தான் நான் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் மின்னஞ்சல் பார்க்கிறேன். அண்ணா எழுதியதைப் படித்ததும் `Guest Network` திறந்து, சுவரில் அந்தப் பெயரை ஒட்டிவிட்டோம். ஆனால் அம்மாவின் டிவியும் பிரிண்டரும் எந்தப் பக்கம் போக வேண்டும்?

கிண்ணியா ரியாஸ்

இவ்வளவு எதற்கு? வைஃபையின் பெயரை மறைத்துவிடுங்கள், உங்கள் சாதனங்களின் `MAC` முகவரிகளை மட்டும் அனுமதியுங்கள். வெளியாள் நுழையவே முடியாது. நான் வருடக்கணக்காக இப்படித்தான்.

உவர்மலை கணனிக்காரன்

ரியாஸ், அதனால் கெடுதல் இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தடுக்கும். ஆனால் மறைத்த பெயரும், சாதனங்கள் பேசும்போது காற்றில் தெரியும். `MAC` முகவரியைப் பார்த்து அப்படியே பாவிக்கவும் முடியும். இப்போதைய போன்கள் வேறு தாங்களாகவே போலி `MAC` காட்டும், அதனால் சொந்தப் போனே ஒருநாள் வெளியே நிற்கும். உப்புவெளியில் நடந்ததை இது தடுத்திருக்காது, ரவுட்டரின் கடவுச்சொல் `admin`ஆகவே இருந்திருக்கும்.

ஷாமி, பிரிண்டரை உங்கள் பக்கத்தில் வையுங்கள், டிவி விருந்தினர் பக்கம் போகட்டும். பிறகு சோதித்துப் பாருங்கள்: விருந்தினர் வைஃபையில் ஒரு போனைப் போட்டு `192.168.8.1` திறக்கிறதா என்று (உங்கள் ரவுட்டரின் முகவரி வேறாக இருக்கலாம்). கடவுச்சொல் கேட்கும் பக்கம் வந்தால், பெயரளவில்தான் பிரித்திருக்கிறது. மலிவான சில ரவுட்டர்களில் இதைக் கண்டிருக்கிறேன்.

சாம்பல்தீவு தாத்தா

தம்பிமார், வைஃபை பற்றிக் கதைப்பதால் கேட்கிறேன். என் மகளின் லைன் இரவில் மிகவும் மெதுவு. டேட்டா மிச்சம் பிடிக்க லப்டொப்பில் `Metered connection` போட்டுக் கொடுத்தேன், அப்படியும் அதேதான். எந்த ரவுட்டர் வாங்கலாம்?

உவர்மலை கணனிக்காரன்

தாத்தா, ரவுட்டரைப் பிறகு பார்ப்போம். அந்த `Metered connection` போட்டு எவ்வளவு காலம்? அது இருந்தால் விண்டோஸ் பெரும்பாலான புதுப்பிப்புகளை இறக்காமல் நிற்கும். மகள் அதில் அலுவலக வேலை செய்கிறார் என்றால் அதுதான் பெரிய சிக்கல். இரவு டேட்டா உள்ள பொதி என்றால், வாரத்தில் ஒரு இரவு `Metered connection`ஐ நிறுத்தி, லப்டொப்பைத் தூங்கவிடாமல் சார்ஜரில் வைத்து `Check for updates` அழுத்தச் சொல்லுங்கள். விண்டோஸ் 10 ஆக இருந்தால் வேறு கதை. வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அலுவலகத்திடம் சொல்லவே வேண்டும்.

தம்பலகாமம் வதனி

எங்கள் வீட்டில் ஒரே லப்டொப், எனக்கும் பத்தாம் வகுப்பு மகனுக்கும். குரோமில் எனக்கொரு ப்ரொஃபைல், அவனுக்கொரு ப்ரொஃபைல். அது போதும்தானே?

உட்துறைமுக வீதி நிரோ

போதாது அக்கா. குரோம் ப்ரொஃபைல் குக்கி, புக்மார்க், எக்ஸ்டென்ஷன்களைத்தான் பிரிக்கும். இரண்டும் ஒரே விண்டோஸ் கணக்குக்குள், `%LOCALAPPDATA%\Google\Chrome\User Data` என்ற ஒரே இடத்தில்தான் கிடக்கின்றன. மகன் விளையாட்டுக்கென்று ஏதாவது `.exe` இறக்கி ஓடவிட்டால், அதற்கு உங்கள் கோப்புகளும் தெரியும். அவனுக்குத் தனி விண்டோஸ் கணக்கு, `Standard user` ஆக, உங்கள் கணக்குக்குக் கடவுச்சொல். எங்கள் வீட்டில் வேறு விதமாக வந்தது. தங்கச்சி தன் சொந்த கூகிள் கணக்கை அலுவலகக் குரோமிலும் திறந்து `sync` விட்டாள். வீட்டுக் கணனியில் இருந்த கூப்பன் எக்ஸ்டென்ஷன் ஒன்று அப்படியே அலுவலகக் கணனிக்கு வந்து சேர்ந்தது. அலுவலகம் அழைத்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

தம்பலகாமம் வதனி

தனிக்கணக்கு போட்டால் அவன் ஒவ்வொன்றுக்கும் கடவுச்சொல் கேட்டு என் கூட்டத்துக்கு நடுவில் வருவானே!

உட்துறைமுக வீதி நிரோ

வருவான். நிறுவ வேண்டியதை ஞாயிறு அன்று ஒன்றாகச் செய்து கொடுங்கள்.

நிலாவெளி ஷாமி

சோதித்துப் பார்த்தேன் அண்ணா. விருந்தினர் வைஃபையில் ரவுட்டர் பக்கம் திறக்கிறது! இனி வேறு ரவுட்டர் வாங்கி இதன் பின்னால் போட்டால் சரியா, அல்லது இதையே மாற்ற வேண்டுமா? அலுவலகம் காசு தருமா என்று கேட்டதற்கு, "உங்கள் வீட்டு இணைப்பு உங்கள் பொறுப்பு" என்று பதில் வந்திருக்கிறது.

உவர்மலை கணனிக்காரன்

பின்னால் போடலாம். புதியதில் நீங்களும் பிரிண்டரும், பழையதில் விருந்தினர்களும் டிவியும். மாறிப் போட வேண்டாம், புதியதன் பின்னால் இருப்பவர்களுக்குப் பழையதில் இருப்பவை தெரியும். விபிஎன் இதில் பெரும்பாலும் ஓடும், உங்கள் நிறுவனத்தின் விபிஎன் எது என்று சொல்லுங்கள். காசு விடயத்தில் என் நிறுவனமும் அதே பதில்தான் தந்தது.