‘மேக்னெடிக் மோனோபோல்’: தனிமுனை என்று சொல்லலாமா?

கதிரவன்:
குழுவினருக்கு வணக்கம். மேல்நிலை மாணவர்களுக்கான ஒரு சிறு இயற்பியல் நூலைத் தமிழாக்கி வருகிறேன். எந்த மூடிய பரப்பை எடுத்தாலும் அதன் வழியே செல்லும் மொத்தக் காந்தப் பாயம் பூஜ்யம் என்று ஒரு பத்தி. அடுத்த பத்தியிலேயே, வடமுனையோ தென்முனையோ ஒன்று மட்டும் கொண்ட துகளான மோனோபோல் வந்து நிற்கிறது. பாடநூலில் இருக்கும் ‘தனித்த காந்த முனை’ நீளமாகப்படுகிறது. ‘தனிமுனை’ என்று சுருக்கலாமா?

செல்வி:
கதிரவன் ஐயா, சுருக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கும் மாணவர் காந்தத்தை ஒடித்து வடமுனையைத் தனியே எடுத்ததாக நினைத்துக்கொள்வார். அங்கேதான் எனக்குத் தயக்கம்.

நீளமான ஒரு சட்டக் காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்குவெட்டு 1 சதுர செ.மீ., நடுப்பகுதியில் புலம் 1.2 டெஸ்லா. வடமுனைப் பக்கப் பாதியை மட்டும் கற்பனையாக ஒரு மூடிய பரப்பால் சூழுங்கள். காந்தத்துக்கு வெளியே இருக்கும் பகுதி வழியாக 0.12 மில்லிவெபர் வெளியேறுகிறது. ஆனால் அந்தப் பரப்பு காந்தத்தின் நடுவே, உலோகத்துக்குள்ளும் போகிறதல்லவா? அந்த 1 சதுர செ.மீ. வழியாக அதே 0.12 மில்லிவெபர் உள்ளே வருகிறது. காந்தத்துக்குள் புலம் தென்முனையிலிருந்து வடமுனையை நோக்கிப் போகிறது. பள்ளிப் படங்களில் கோடுகளை வெளியே மட்டும் வரைந்து நிறுத்திவிடுவதால்தான் இவ்வளவு குழப்பமும்.

ஒடித்தாலும் கணக்கு மாறாது. அந்த உள்வரவு புதிதாகத் திறந்த முகத்தின் வழியே நடக்கும், அதைத் தென்முனை என்போம். காந்தத்துக்குள் இருப்பவை எலக்ட்ரான்களின் தற்சுழற்சியும் சுற்றோட்டமும்தான். ஒவ்வொன்றின் புலமும் தன்னிடமே திரும்பி வருவது. எத்தனை கோடியைக் கூட்டினாலும் மூடிய பரப்புக்குள் ஒரு நிகர மிச்சம் வராது.

முருகேசன்:
நான் மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் ரீவைண்டிங் செய்பவன். பாயம் பூஜ்யம் என்றால் செகண்டரியில் வோல்ட் எங்கிருந்து வருகிறது? கோர் வழியாகப் பாயம் போவதை வைத்துத்தானே நாங்கள் சுற்று எண்ணிக்கையையே கணக்குப் போடுகிறோம்? புத்தகத்தில் இப்படி எழுதினால் பையன்கள் குழம்பிவிடுவார்கள்.

செல்வி:
முருகேசன் அண்ணா, உங்கள் காயில் மூடிய பரப்பு அல்ல, அது ஒரு விளிம்பு. அதன் மேல் தட்டையாக ஒரு தாளை ஒட்டலாம், இல்லை உப்பிய ஒரு பையையும் கட்டலாம். இரண்டின் வழியாகவும் ஒரே அளவு பாயம்தான் போகும். காரணம் அந்தப் பூஜ்ய விதி. தாளும் பையும் சேர்ந்தால் மூடிய பரப்பு. ஒன்றின் வழியே உள்ளே போனது மற்றதன் வழியே வெளியே வந்தாக வேண்டும். அதனால்தான் எந்தப் பரப்பு என்று சொல்லாமலே “இந்தக் காயிலின் பாயம் இவ்வளவு” என்று உங்களால் பேச முடிகிறது.

இப்போது தாளுக்கும் பைக்கும் நடுவில் ஒரு மோனோபோல் உட்கார்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விடைகளும் அதன் வலிமை அளவுக்கு வேறுபடும். காயிலின் பாயம் என்ற பேச்சே ஆட்டம் கண்டுவிடும்.

முருகேசன்:
சரி, இப்போது புரிகிறது. அப்படியென்றால் அது காயிலுக்குள் புகுந்து போனால் மீட்டரில் தெரிய வேண்டுமே?

செல்வி:
அதைத்தான் ஸ்டான்ஃபோர்டில் பிளாஸ் கப்ரேரா செய்து பார்த்தார். நியோபியம் கம்பியில் நான்கு சுற்று, 5 செ.மீ. விட்டம், மீக்கடத்தும் நிலையில். சாதாரணக் காந்தம் அதன் வழியே விழுந்தால் மின்னோட்டம் எழும்பி, இறங்கி, காந்தம் தொலைவு போனதும் பழைய நிலைக்கே வந்துவிடும். மோனோபோல் வந்தால் கதை வேறு. அது நெருங்க நெருங்க, தட்டையான பரப்பின் வழியே பாயம் அதன் முழு அளவில் பாதி வரை ஏறும். பரப்பைக் கடந்த கணத்தில் திசை மாறி, எதிர்த்திசைப் பாதியாகத் தாவும். பிறகு பூஜ்யத்துக்கு வரும். ஆனால் அந்தத் தாவலைக் கம்பி உணர்வதில்லை, ஏனென்றால் கடந்து போன காந்த ஓட்டமும் ஃபாரடே விதியில் ஓர் உறுப்பாகச் சேர்ந்து அதை ஈடுகட்டிவிடுகிறது. இரண்டு பாதி ஏற்றமும் கூடி, கம்பியில் நிரந்தரமாக ஒரு மின்னோட்டம் நின்றுவிடும். மீக்கடத்தியில் தடை இல்லை, அதனால் அது தேயவும் தேயாது.

மின்னோட்டப் பதிவு மொத்தத்தில் எவ்வளவு மாறும் என்பதும் முன்கூட்டியே தெரியும். 1931இல் இயற்பியலாளர் டிராக் காட்டியபடி, மோனோபோல் இருந்தால் அதன் குறைந்தபட்சப் பாயம் h/e, அதாவது 4.14 × 10⁻¹⁵ வெபர். இங்கே h பிளாங்க் மாறிலி, e எலக்ட்ரானின் மின்னூட்ட அளவு. மீக்கடத்தி வளையத்தின் பாய அலகு h/2e. ஆக ஒரு சுற்றுக்கு இரண்டு அலகு, நான்கு சுற்றுக்கு எட்டு. 1982 பிப்ரவரி 14, ஞாயிற்றுக்கிழமை, ஆய்வகத்தில் ஆள் இல்லாத நேரத்தில் பதிவு ஏறக்குறைய எட்டு அலகு தாவி அப்படியே நின்றது. கப்ரேரா கண்டுபிடித்துவிட்டதாக அறிவிக்கவில்லை. கருவியில் ஏற்பட்ட அதிர்ச்சியாக இருக்கலாம் என்பதை முழுதாக ஒதுக்க முடியவில்லை. பின்னர் கட்டிய பெரிய கருவிகளில் அப்படி ஒன்று மறுபடி வரவில்லை.

ஒரு அளவுக்காகச் சொல்கிறேன்: மேலே சொன்ன சட்டக் காந்தத்தின் ஒரு முனைக்கு ஈடு செய்ய டிராக் கணக்குப்படி ஏறக்குறைய மூவாயிரம் கோடி மோனோபோல் வேண்டும்.

அருண்:
ஆனால் 2009இலேயே கண்டுபிடித்துவிட்டார்களே மேடம்? டிஸ்ப்ரோசியம் டைட்டனேட்டில், ஸ்பின் ஐஸ் என்கிறார்கள். அது செய்தியாகவும் வந்தது. அப்புறம் ஏன் இன்னும் ‘இருந்தால்’ என்றே பேசுகிறோம்?

செல்வி:
பாதி சரி, அருண். அந்தப் படிகத்தில் அணுக் காந்தங்கள் ஒரு நான்முகியில் இரண்டு உள்நோக்கி, இரண்டு வெளிநோக்கி என்று அமையப் பார்க்கும். ஒன்று புரண்டால் அடுத்தடுத்த இரண்டு நான்முகிகளில் மிகுதியும் குறைவும் வரும். அந்த இரண்டும் பிரிந்து நகரவும் செய்யும். காந்தப் புலத்தில் பொருளின் காந்தமாக்கலின் பங்கைக் கழித்தால் கிடைப்பது H புலம், அதற்கு அவை ஊற்றுப்போல நடந்துகொள்கின்றன. ஆனால் நாம் பாயம் கணக்கிடும் B புலத்தை வைத்து மூடிய பரப்பில் கூட்டினால் விடை அங்கேயும் பூஜ்யம்தான். திரும்பி வரும் பாயம், காந்தங்கள் புரண்ட தடம் வழியே வந்துவிடுகிறது. டிராக்கின் மோனோபோல் வெற்றிடத்திலும் தனியே இருக்கக்கூடியது, இவை படிகத்துக்கு வெளியே வர முடியாது.

நிரோஷன்:
நீங்கள் சொன்ன ‘ஊற்று’ எனக்குப் பிடித்திருக்கிறது. இலங்கையில் நாங்கள் pole என்பதை முனைவு என்றே எழுதுவோம், மின்னூட்டத்தை மின்னேற்றம் என்போம். ஆகவே ‘தனிமுனை’ இங்கே அப்படியே போகாது. ‘காந்தவூற்று’ என்றால் பாயம் அங்கே பிறக்கிறது என்பது சொல்லிலேயே இருக்கும், இரண்டு கரைக்கும் பொருந்தும்.

கதிரவன்:
அழகாக இருக்கிறது நிரோஷன். ஆனால் தென்வகை மோனோபோலை என்ன செய்வது? அங்கே பாயம் முடிகிறது. ஊற்று என்று சொல்லவே முடியாதே. இரண்டு வகைக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும்.

நிரோஷன்:
அதற்கு ‘காந்தவேற்றம்’ என்று போகலாம், நேர், எதிர் இரண்டும் அடங்கும். உங்கள் பக்கத்தில் ‘காந்த ஊட்டம்’.

செல்வி:
அளவைக் குறிக்க ‘காந்தவேற்றம்’ சரி. துகளைக் குறிக்க வேறு சொல் வேண்டும். எலக்ட்ரானை நாம் மின்னூட்டம் என்று அழைப்பதில்லையே.

கதிரவன்:
அப்படியானால் துகளுக்கு ‘தனிமுனை’, அதன் வலிமைக்கு ‘காந்தவேற்றம்’ என்று இப்போதைக்கு எழுதுகிறேன். காந்தத்தை ஒடித்தால் அது வராது என்பதையும், முருகேசன் அவர்களின் தாள்-பை விளக்கத்தையும் விதிக்கு அடுத்த பத்தியில் சேர்த்துவிடுகிறேன்.

முருகேசன்:
விளக்கம் மேடத்தோடது. கேள்வி மட்டும்தான் என்னோடது.

அருண்:
ஸ்பின் ஐஸில் இருப்பதற்கும் தனிமுனை என்றே போடுவீர்களா? எனக்கென்னவோ அதற்கு வேறு பெயர் வேண்டும் என்று தோன்றுகிறது. ‘போலிமுனை’ என்றால் ஆராய்ச்சியாளர்கள் கோபித்துக்கொள்வார்களா?