சட்டி ஏன் மின்னுகிறது?

கவிதா (காலை 9:12)
நேற்று ரோட்டோரக் கடையில் ஒரு மண் சட்டி வாங்கினேன், 450 ரூபாய். உள்ளேயும் வெளியேயும் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்குத்தான். எப்படிப் பழக்குவது?

மாலதி சித்தி (9:15)
வடிகஞ்சியை ஊற்றி மூன்று நாள் வை. சட்டியில் எந்த விஷம் இருந்தாலும் கஞ்சி இழுத்துவிடும்.

சுந்தரம் பெரியப்பா (9:31)
மாலதி, கஞ்சி எதையும் இழுக்காது. பூச்சு இல்லாத மண் சட்டியில் இருக்கும் நுண்ணிய துளைகளை அதன் மாவு அடைக்கும், அவ்வளவுதான். உள்ளே கண்ணாடிப் பூச்சு இருந்தால் அடைக்கத் துளையே கிடையாது.
கவிதா, மினுமினுப்பு மூன்று விதமாக வரும். வேகவைக்கும் முன் கூழாங்கல்லால் தேய்த்த மெருகு, கடைக்காரர் அடித்த வார்னிஷ், சூளையில் உருகிய கண்ணாடிப் பூச்சு. உள்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். பிறகு அடிப்பக்கத்தில் ஊசியால் கீறு.

கவிதா (9:48)
தண்ணீர் முத்து மாதிரி அப்படியே நிற்கிறது பெரியப்பா. கீறினால் கோடு விழவில்லை, ஊசிதான் வழுக்குகிறது.

சுந்தரம் பெரியப்பா (9:57)
வார்னிஷ் என்றால் கீறல் விழும், தோலாக உரியும், அடுப்பில் வைத்ததும் பெயின்ட் வாடை அடிக்கும். வெறும் மெருகு என்றால் சொட்டு மெல்ல ஊறி, அந்த இடம் கறுக்கும். உன்னுடையது கண்ணாடிப் பூச்சு.
விருத்தாசலத்தில் பீங்கான் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டது இது: நாட்டுச் சூளையின் குறைந்த சூட்டில் பூச்சு உருகி ஒட்ட, காரீயம் சேர்ப்பதுதான் பழைய, மலிவான வழி. போராக்ஸ் சேர்த்து ஈயம் இல்லாமலும் செய்யலாம். ஆனால் கண்ணால் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. புளியும் சூடும் சேர்ந்தால் ஈயம் குழம்பில் இறங்கும்.

ஜெயா அத்தை (10:05)
ஐயோ, நான் நாற்பது வருஷமாக ஈயச் சொம்பில்தான் ரசம் வைக்கிறேன்!

சுந்தரம் பெரியப்பா (10:09)
அது வெள்ளீயம் அத்தை, இது காரீயம். பெயர்தான் ஒன்று. நல்ல வெள்ளீயமாக இருந்தால் பயமில்லை. காலிச் சொம்பை மட்டும் அடுப்பில் வைத்துவிடாதீர்கள், உருகி வழிந்துவிடும்.

பிரபு (10:14)
வீட்டிலேயே வினிகர் ஊற்றிப் பார்க்கலாமே?

சுந்தரம் பெரியப்பா (10:20)
நிறம் மாறினால் பூச்சு மோசம் என்று தெரியும். மாறாவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை, கரைந்த ஈயத்துக்கு நிறம் கிடையாது. ஆய்வகத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலம் ஊற்றி 24 மணி நேரம் வைத்து, இறங்கிய ஈயத்தை அளப்பார்கள். 450 ரூபாய்ச் சட்டிக்கு அது கட்டுப்படியாகாது.

பிரபு (10:22)
நான் ஆன்லைனில் வாங்கியதில் ஈயம் இல்லை என்று எழுதியிருந்தது.

சுந்தரம் பெரியப்பா (10:24)
சோதனை அறிக்கை கேட்டுப் பார். அனுப்பினால் எனக்கும் அனுப்பு.

கவிதா (10:40)
கடைக்காரருக்கு போன் செய்தேன். லாரியில் வந்ததாம், எந்த ஊர்ச் சூளை என்று தெரியாதாம். சரி, இதில் துளசி வைத்துவிடுகிறேன். 450 போச்சு. வேறு எங்கே வாங்குவது?

சுந்தரம் பெரியப்பா (11:02)
மண்ணையும் சூளையையும் பற்றிக் கேட்டால் பதில் சொல்கிறவரிடம் வாங்கு. மானாமதுரை வழியாகப் போனால் வேளார் வீடுகளிலேயே கேட்கலாம். மின்னாத சட்டியாக எடு. விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சொத்தென்று கேட்டால் விரிசல், இல்லை வேக்காடு போதவில்லை. தண்ணீர் நிரப்பி வை. உடம்பு முழுக்க ஈரம் பூத்தால் சரி, ஒரே கோடாகக் கசிந்தால் விட்டுவிடு.

மாலதி சித்தி (11:10)
அந்தச் சட்டிக்காவது நான் சொன்ன கஞ்சி உண்டா இல்லையா?

சுந்தரம் பெரியப்பா (11:16)
உண்டு தாயே 🙏 ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, நிழலில் நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு வடிகஞ்சி ஊற்றி, சிறு தீயில் கொதிக்கவிட்டு, அப்படியே ஆறவிட வேண்டும். மூன்று நாள் அதேபோல. சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். மண் குடித்துவிடும், அடுத்த குழம்பில் மணக்கும்.

மாலதி சித்தி (11:18)
கடைசியில் எண்ணெயும் தடவ வேண்டும்.

சுந்தரம் பெரியப்பா (11:19)
நான் தடவுவதில்லை. நாள்பட்டால் சிக்கு வாடை வரும்.

மாலதி சித்தி (11:20)
எங்கள் வீட்டில் வந்ததே இல்லை.

ஜெயா அத்தை (11:26)
என் கல்சட்டிக்கு விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவித்தான் பழக்கினேன். தினமும் சூடான வடிகஞ்சி, ஒரு வாரம் கழித்துத்தான் அடுப்பே. வாங்கும்போது சாம்பல் நிறம், இப்போது கரிக்கட்டை. அடுப்பை அணைத்த பிறகும் வத்தக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்.

பிரபு (11:29)
இன்டக்‌ஷன் அடுப்பில் வைக்கலாமா அத்தை?

ஜெயா அத்தை (11:31)
அது என்ன அடுப்பு?

கவிதா (11:33)
அதில் கல்லும் மண்ணும் சூடாகவே ஆகாது பிரபு. பெரியப்பா, அடுத்த வாரம் மதுரை போகிறோம். மானாமதுரையில் நின்று, தட்டிப் பார்க்கிற சத்தத்தை வாய்ஸ் மெசேஜில் அனுப்புகிறேன், கேட்டுச் சொல்லுங்கள்.