சலவையகத்தில் எழுதும் தாளுக்கு ஒரு பெயர்: ‘நிலையான இயக்க நடைமுறை’ பொருந்துமா?

சலவையக உரிமையாளர், கோயம்புத்தூர்:

அனைவருக்கும் வணக்கம். ஒரு சலவைக்கூடத்தையும், அதற்குத் துணி சேர்த்துத் தரும் ஏழு கடைகளையும் நடத்தி வருகிறேன். ஓராண்டுக்குள் அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள எண்ணியிருப்பதால், ஒவ்வொரு வேலையையும் யார் செய்தாலும் ஒரே விதமாக முடிய வேண்டும் என்று தாள் தாளாக எழுதி வருகிறேன். எஸ்.ஓ.பி. எனப்படும் இதைச் செய்தித்தாள்களில் ‘நிலையான இயக்க நடைமுறை’ என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயரைத் தலைப்பில் இட்டுக் கூடத்தில் ஒட்டினேன். துணி பிரிக்கும் பெண்கள் ‘இயக்கம்’ என்பதை இயந்திரம் ஓட்டுவது என்று கொண்டு, அது தங்களுக்கு உரியதன்று என எண்ணிப் படிக்காமலே விட்டுவிட்டார்கள். கடையில் துணி வாங்குவோர்முதல் மடித்து உறையிடுவோர்வரை எல்லோரும் தமக்குரியது என்று உணரும் ஒரு சொல் வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருச்சிராப்பள்ளி:

‘கையேடு’ என்ற நல்ல சொல் இருக்கும்போது புதிதாக ஒன்றை ஏன் தேட வேண்டும்? ‘சலவைக் கையேடு’ என்றால் எவருக்கும் புரியும்.

தொழிற்கூடங்களுக்குச் செயல்முறை எழுதித் தருபவர், சென்னை:

ஐயா சொல்வது ஒரு பாதிக்குப் பொருந்தும். தாள்கள் அனைத்தையும் தொகுத்தால் கிடைப்பது கையேடு. ஆனால் தனித்தாள் ஒவ்வொன்றும் ஒரே வேலைக்கு உரியது. அந்த வேலை நடக்கும் இடத்தில், செய்பவரின் கண்ணெதிரே இருப்பது. கையேட்டை அலமாரியில் வைப்போம், இந்தத் தாளைச் சுவரில் ஒட்டுவோம்.

‘நிலையான’ என்பதில் எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. முன்பு நான் பணியாற்றிய ஒரு கூடத்தில், சலவைத்தூளை மாற்றிச் செறிவு மிகுந்த ஒன்றை வாங்கினார்கள். சுவரில் இருந்த தாளை யாரும் மாற்றவில்லை. பழைய அளவையே போட்டதால், அலசிய பிறகும் துணியில் காரம் தங்கி, இஸ்திரிப் பெட்டி பட்ட இடமெல்லாம் மஞ்சள் பூத்தது. நிலையானது என்று பெயரிலேயே சொல்லிவிட்டால், அதைத் திருத்தலாம் என்ற எண்ணம் படிப்பவருக்கு எப்படி வரும்? தாளில் தேதி இருக்க வேண்டும். புதியது ஒட்டும்போதே பழையதைக் கிழித்தெறிய வேண்டும்.

‘பணிநெறி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். நெறி என்பது வழி. வழியை மாற்றி அமைக்கவும் முடியும்.

வாசகர், மதுரை:

துணிக்கு இடும் அடையாளத்தைப் பற்றிய பேச்சு என்று எண்ணி எழுதுகிறேன். என் பாட்டி வீட்டுத் துணிகளில் சேங்கொட்டைச் சாற்றால் சிறு குறி இட்டிருப்பார்கள். எத்தனை முறை வெளுத்தாலும் அது அழியாது. ஊர்த் துணியெல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தாலும், எங்கள் வீட்டுச் சலவைத் தொழிலாளி அந்த மூன்று புள்ளிகளைக் கண்டே எங்கள் துணியைப் பிரித்துவிடுவார். அதற்குக் ‘குறி’ என்றே பெயர். நீங்களும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

சலவையக உரிமையாளர், கோயம்புத்தூர்:

நன்றி ஐயா. நான் கேட்டது தாளின் பெயரை. ஆயினும் ‘டேக்’ என்று எழுதியிருந்ததை இன்றே ‘குறிச்சீட்டு’ என்று மாற்றிவிட்டேன்.

விரிவுரையாளர், யாழ்ப்பாணம்:

புள்ளியியலில், தமிழ்நாட்டில் ‘திட்ட விலக்கம்’ என்பதை நாங்கள் ‘நியம விலகல்’ என்று படித்தோம். எங்கள் பாடநூல்களில் அளவுகோலாகக் கொள்ளப்படுவது நியமம். எனவே ‘நியமச் செய்முறை’ எங்களுக்கு உடனே விளங்கும். ‘பணிநெறி’யில் ஓர் இடரும் உண்டு: தொழிலில் நேர்மையாக இருப்பது பற்றிய அறிவுரை என்று அதனைக் கொள்ளக்கூடும்.

தொழிற்கூடங்களுக்குச் செயல்முறை எழுதித் தருபவர், சென்னை:

அந்த இடரை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், தாளில் உள்ளதைப் பார்த்தால் அந்த ஐயம் நீங்கிவிடும் என்று நினைக்கிறேன். உரிமையாளர் தம் தாள்களில் ஒன்றை இங்கே இட இயலுமா?

சலவையக உரிமையாளர், கோயம்புத்தூர்:

அலசும் தாளில் நான் முதலில் எழுதியது, ‘காரம் போகும்வரை நன்றாக அலசவும்’ என்பது. மஞ்சள் கறைக்கெனத் தனியாக எதுவும் எழுதவில்லை. அதனால் நேர்ந்ததையும் சொல்கிறேன். விருந்துச் சாப்பாட்டில் குழம்பு சிந்திய சரிகை வேட்டி ஒன்று வந்தது. சலவைத்தூளில் நனைத்ததும் மஞ்சள் கறை செந்நிறமாக மாறியது. புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் அஞ்சிப்போய், வெள்ளைத் துணிதானே என்று குளோரின் வெளுப்பியை ஊற்றிவிட்டார். கறை போனது, சரிகையும் கறுத்தது. நான் அன்று ஊரில் இல்லை.

தொழிற்கூடங்களுக்குச் செயல்முறை எழுதித் தருபவர், சென்னை:

இரண்டு குறைகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை. ‘நன்றாக’ என்பதன் அளவு உங்கள் கண்ணில் இருக்கிறது, தாளில் இல்லை. கடைசி அலசலுக்குப் பின் துணியிலிருந்து சொட்டும் நீரில், காரத்தை நிறத்தால் காட்டும் பிஎச் தாளை நனைக்க வேண்டும் என்றும், குழாய் நீரில் நனைத்த தாளின் நிறத்தோடு அது ஒத்து வரும்வரை அலச வேண்டும் என்றும் எழுதினால், நேற்றுச் சேர்ந்தவரும் சரிபார்த்துவிடுவார்.

மஞ்சள் காரத்தில் சிவப்பது அதன் இயல்பு. காரம் நீங்கி, வினிகர் போன்ற மென்மையான அமிலம் பட்டால் மீண்டும் மஞ்சளாகிவிடும்; எஞ்சிய கறை வெள்ளைப் பருத்தியில் வெயில் பட்டே பெரும்பாலும் மங்கிவிடும். ‘சிவந்தால் அஞ்ச வேண்டாம், வெளுப்பியைத் தொட வேண்டாம், சரிகையோ பட்டோ இருந்தால் அங்கேயே நிறுத்தி மேற்பார்வையாளரை அழைக்கவும்’ என்ற மூன்று தொடர்கள் இருந்திருந்தால் அந்த வேட்டி தப்பியிருக்கும். எவ்வாறு செய்வது என்பதோடு எங்கே நிறுத்துவது என்பதும் இருந்தால்தான் பணிநெறி முழுமையடையும்.

தாள் தேறியதா என்று அறிய ஒரு வழி உண்டு. அந்த வேலையை அறியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் அருகே நில்லுங்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்க்கும் ஒவ்வோர் இடத்திலும் தாளில் ஒரு வரி குறைகிறது என்று பொருள்.

சலவையக உரிமையாளர், கோயம்புத்தூர்:

நேற்று உறையிடும் தாளை அவ்வாறு சோதித்தேன். அந்தப் பெண் நான்கு இடங்களில் என் முகத்தைப் பார்த்தார். திருத்தி எழுதியதில் இரண்டு வரிகள் அவர் சொன்னவை.

எனினும், பணியைச் சொல்லும் தாள்களால் மட்டும் நான் விலகிவிட முடியாது என்று இப்போது தெரிகிறது. இரண்டு வாரம் எனக்கு வந்த அழைப்புகளையெல்லாம் ஒரு நோட்டில் குறித்தேன். துவைப்பது பற்றிய கேள்விகள் மிகச் சில. ஏறக்குறைய பாதி, பழுதான துணிக்கு எவ்வளவு இழப்பீடு தரலாம் என்பதே. மற்றவற்றுள் பெரும்பாலானவை, நாளைக்கே வேண்டும் என்பவருக்குச் சரி என்று சொல்லலாமா என்பவை. எனவே ஐந்நூறு ரூபாய்வரை கடைப் பொறுப்பாளரும், மூவாயிரம்வரை சலவைக்கூட மேலாளரும் என்னைக் கேளாமலே முடிவு செய்யலாம் என்று எழுதியிருக்கிறேன். அந்தத் தொகைக்கு ‘முடிவெல்லை’ எனலாமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருச்சிராப்பள்ளி:

தனித்தாளுக்குப் ‘பணிநெறி’, தொகுப்புக்குக் ‘கையேடு’ என்பதை ஏற்கிறேன். ‘முடிவெல்லை’யில் முடிவு என்பது இறுதியையும் குறிப்பதால், எல்லாம் முடியும் இடம் என்று பொருள் கொள்ள இடமுண்டு. ‘தீர்வெல்லை’ என்பதை எண்ணிப் பாருங்கள்.

விரிவுரையாளர், யாழ்ப்பாணம்:

‘நியமச் செய்முறை’யை நான் இன்னும் கைவிடவில்லை. இரண்டையும் ஒட்டிப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

சலவையக உரிமையாளர், கோயம்புத்தூர்:

அப்படியே செய்யலாம். இந்த வாரம் மூன்று கடைகளில் ‘பணிநெறி’ என்ற தலைப்போடும், ஒரு கடையில் ‘நியமச் செய்முறை’ என்ற தலைப்போடும் ஒட்டுகிறேன். எல்லைக்கான சொல்லைக் கடைப் பொறுப்பாளர்களிடமே கேட்டு எழுதுகிறேன். அவர்களுள் ஒருவர் இப்போதே அதைக் ‘கேக்காம குடுக்குற காசு’ என்று சொல்கிறார்.