புதுப்பிப்பு: பில் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது

நான் கேட்டிருந்தது: "காலையில் கடையில் கூட்டம், கம்ப்யூட்டர் No bootable device என்று நிற்கிறது. ஃபார்மேட் பண்ணலாமா?"

பண்ணவில்லை. பக்கத்துக் கடை அண்ணன் "ஃபார்மேட் அடிச்சா அஞ்சு நிமிஷத்துல ஓடும்" என்றார். ஓடும்தான், பில் கணக்கு போயிருக்கும். பாண்டிச்சேரியிலிருந்து வந்த அக்கா மகன், "மாமா, முதல்ல டேட்டா, அப்புறம்தான் விண்டோஸ்" என்று பென்டிரைவில் லினக்ஸ் ஏற்றித் திறந்தான். பழைய ஹார்டு டிஸ்க் தெரிந்தது, ஆனால் நகல் எடுக்கும்போது திணறியது. பில்லிங் ஃபோல்டரை வெளி டிஸ்கில் எடுத்து, தன் லேப்டாப்பில் திறந்து, முந்தைய இரவின் கடைசி பில் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. அதன் பிறகே புது எஸ்எஸ்டியில் விண்டோஸ். பழைய டிஸ்கை அழிக்காமல் கல்லாவில் வைத்திருக்கிறோம். பில்லிங் மென்பொருளும் அதே பழைய பதிப்புதான். புதியதில் திறந்தால் டேட்டா மாறிவிடக்கூடும் என்றான்.

காலையில் கையால் எழுதிய பில்களைத் தனி முன்னெழுத்து வரிசையில் ஏற்றினோம். ஒரே நிதியாண்டில் எண் திரும்ப வராமல், தொடர்ச்சியாக இருந்தால் ஜிஎஸ்டியில் பல வரிசை வைக்கலாம்.

பில்லிங் மென்பொருளின் லைசென்ஸ் மட்டும் புது டிஸ்கை இன்னும் ஏற்கவில்லை.