வகுத்தல் இல்லாமல் பெருக்கற்பலன்: விடையில் இல்லாத பெரிய எண் நடுவில் வந்தால்?

நண்பர்களே, ஜாவாவில் ஒவ்வோர் இடத்துக்கும் மற்ற எண்களின் பெருக்கலைக் கண்டுபிடிக்க முயல்கிறேன். [2, 3, 4, 5] கொடுத்தால் [60, 40, 30, 24] வர வேண்டும். முதல் சுற்றில், இடப்பக்கப் பெருக்கல் [1, 2, 6, 24] என்று சரியாகவே வந்தது. வலமிருந்து திரும்பும் சுற்று முடிந்ததும் நான்கு இடத்திலும் 120! அந்தந்த இடத்து எண்ணையும் சேர்த்துப் பெருக்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. இரண்டு வரிகளை இடம் மாற்றியதும் சரியாகிவிட்டது:

```java
int right = 1;
for (int i = n - 1; i >= 0; i--) {
    res[i] *= right;
    right *= a[i];
}
```

[2, 0, 4, 5] கொடுத்தாலும் [0, 40, 0, 0] என்று சரியான விடை வருகிறது. வகுத்திருந்தால் பூஜ்ஜியத்தில் மாட்டியிருப்பேன்.

இப்போது என் சந்தேகம் இதுதான். [100000, 100000, 0, 0] என்றால் விடை எல்லாமே 0. ஆனால் முதல் சுற்றில் மூன்றாம் இடத்துக்கு 1000 கோடி வர வேண்டும். அது int-இல் அடங்காமல் 1410065408 ஆகிவிடுகிறது. பிறகு 0-ஆல் பெருக்குவதால் விடை தப்பிக்கிறது. பூஜ்ஜியமே இல்லாத வரிசையில், இடப்பக்கப் பெருக்கல் இறுதி விடையின் காரணி என்பதால் அதைவிடப் பெரிதாகாது. ஆகவே விடைகள் int-இல் அடங்கினால் long தேவையில்லை என்று நினைக்கிறேன். இதே நிரலை சி++ மொழியில் எழுதினாலும் இந்த வாதம் செல்லுமா? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.